ஆண்டுப் பேரவையின் நிகழ்ச்சி நிரலும் இணைப்புத் தாள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவுச் சங்கத்தில் பேரவைத் தாள்களைத் தயாரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். புதிதாகச் செயலாளர் பொறுப்புக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாள் கணக்கு, சதவீதம், பெரும்பான்மை எல்லாம் நாட்டுச் சட்டத்துக்கும் சங்கத்தின் துணைவிதிக்கும் ஏற்ப மாறும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட ஒரு சங்கத்தின் எண்கள். உங்கள் சங்கத்துக்கு உங்கள் துணைவிதி சொல்வதே கணக்கு.

போன வருட அஜெண்டாவில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பினால் போதாதா?

வரிசைக்கு அது உதவும், வாசகத்துக்கு உதவாது. பழைய நிரல்களை எடுத்துப் பார்த்தால் "பொருள் 5: உபரி" என்று ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். உபரியைப் பற்றிப் பேசப் போகிறார்களா, பிரிக்கப் போகிறார்களா, பிரிக்காமல் அப்படியே வைக்கப் போகிறார்களா? வீட்டில் உட்கார்ந்து படிக்கும் உறுப்பினருக்குத் தெரியாது. "பொருள் 5: தணிக்கை முடிந்த ஆண்டின் நிகர உபரியை நிர்வாகக் குழுவின் பரிந்துரைப்படி (இணைப்பு 4) பிரித்து ஒதுக்க ஒப்புதல் அளிப்பது" என்று எழுதினால், போக வேண்டுமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

நான் வைத்துக்கொண்ட சோதனை இதுதான்: கூட்டத்துக்கு வராத ஒருவர் நிரலை மட்டும் படித்தால், அங்கே எதெல்லாம் முடிவாகப் போகிறது என்று சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அந்த வரியைத் திருப்பி எழுத வேண்டும்.

"பதிவு செய்வது", "ஏற்பது", "ஒப்புதல் அளிப்பது" எல்லாம் ஒன்றுதானே, எதைப் போட்டால் என்ன?

ஒன்றில்லை. தணிக்கை அறிக்கை தணிக்கையாளருடையது. அதில் ஒரு வரியைக்கூட மாற்றப் பேரவைக்கு அதிகாரம் கிடையாது. எனவே அதைப் "படித்துப் பதிவு செய்வது" என்றுதான் போட வேண்டும். "ஒப்புதல் அளிப்பது" என்று போட்டுவிட்டால், யாராவது எழுந்து "மூன்றாம் பத்திக்கு நாங்கள் ஒப்புதல் தரமாட்டோம்" என்பார். அப்புறம் அரை மணி நேரம் வீணாகும்.

கணக்குகள் நிர்வாகக் குழு தயாரித்துத் தணிக்கை செய்யப்பட்டவை. அவற்றைப் பேரவை "ஏற்கும்". ஏற்க மறுக்கவும் உரிமை உண்டு. உபரிப் பிரிவினை, கடன் வாங்கும் உச்ச வரம்பு, வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றைப் பேரவைதான் முடிவு செய்கிறது, அதனால் அங்கே "ஒப்புதல் அளிப்பது".

போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பலர் குழம்புகிறார்கள். அங்கே நடந்ததைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்பதைத்தான் "உறுதி செய்கிறோம்". அன்று எடுத்த முடிவு பிடிக்கவில்லை என்று இன்று குறிப்பைத் திருத்த முடியாது. வேண்டுமானால் அந்த முடிவை மாற்றும் தீர்மானத்தை முறைப்படி அறிவிப்புக் கொடுத்துத் தனிப் பொருளாகக் கொண்டுவரலாம்.

பொருள்களின் வரிசையைத் தலைவர் வசதிக்கு மாற்றலாமா?

சிலவற்றை மாற்றலாம். ஆனால் கணக்கு, உபரி, வரவு செலவுத் திட்டம் மூன்றும் ஒன்றன் தோளில் ஒன்று நிற்பவை. கணக்கை ஏற்காமல் உபரி எவ்வளவு என்று சொல்ல முடியாது. உபரியில் காப்பு நிதிக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமல் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சொந்தப் பணம் எவ்வளவு என்று எழுத முடியாது. இந்த மூன்றின் வரிசையைக் கலைக்காதீர்கள்.

மற்றபடி, துணைவிதித் திருத்தம் போல அதிகப் பெரும்பான்மை தேவைப்படுவதை முன்பாதியில் வைக்கச் சொல்வேன். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்கக் கூட்டம் கரையும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் குறிப்பு எழுத வேண்டுமா?

முடிவு கேட்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வேண்டும். நீளம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். முதலில் விஷயம் என்ன, ஏன் இப்போது வந்தது. பிறகு எந்தத் துணைவிதி இதைப் பேரவையிடம் கொண்டுவரச் சொல்கிறது. அடுத்து பணம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது. நிர்வாகக் குழு எந்தத் தேதியில் என்ன பரிந்துரைத்தது. கடைசியில் வரைவுத் தீர்மானம், அப்படியே வாசித்து ஓட்டுக்கு விடக்கூடிய வாசகத்தில்.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தீர்மானத்தைக் கூட்டத்தில் வாய்மொழியாக உருவாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். மேடையில் ஒருவர் ஒன்றைச் சொல்வார், முன்மொழிகிறவர் வேறொன்றைச் சொல்வார், எழுதுகிறவர் மூன்றாவதாக ஒன்றை எழுதுவார். ஒரு வருடம் கழித்து எது தீர்மானம் என்று யாருக்கும் தெரியாது.

உபரிப் பிரிவினைக் குறிப்பை எப்படி எழுதுவது? மாதிரி ஒன்று சொல்ல முடியுமா?

பேரவைத் தாள்களில் உறுப்பினர்கள் உண்மையாகவே படிக்கும் பக்கம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

640 உறுப்பினர்கள் உள்ள ஒரு நுகர்வோர் சங்கம். செலுத்தப்பட்ட பங்குத்தொகை 30,00,000. உறுப்பினர்கள் அந்த ஆண்டு சங்கத்தில் வாங்கியது 85,00,000. தணிக்கைக்குப் பின் நிகர உபரி 5,00,000.

குறிப்பில் முதலில் வருவது கட்டாய ஒதுக்கீடு. இந்தச் சங்கத்தின் துணைவிதி நிகர உபரியில் 25 சதவீதம் காப்பு நிதிக்கும், 5 சதவீதம் உறுப்பினர் கல்வி நிதிக்கும் போக வேண்டும் என்கிறது. 1,25,000, அப்புறம் 25,000. இவற்றில் பேரவை கை வைக்க முடியாது என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். "காப்பு நிதியைக் குறைத்து எங்களுக்குக் கொடுங்கள்" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மீதி 3,50,000.

அடுத்தது பங்கு ஈவு. நிர்வாகக் குழு 6 சதவீதம் பரிந்துரைக்கிறது. 30,00,000க்கு 1,80,000. ஏன் இன்னும் கூடுதலாக இல்லை என்ற கேள்வி வரும். பெரும்பாலான துணைவிதிகளில் ஈவுக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கும். சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995இல் மான்செஸ்டரில் ஏற்றுக்கொண்ட கொள்கைகளில் மூன்றாவது, முதலுக்குக் கிடைக்கும் ஈடு, அப்படி ஒன்று தரப்பட்டால், வரம்புக்கு உட்பட்டே இருக்கும் என்கிறது. பணம் போட்டவரை விட, சங்கத்தைப் பயன்படுத்தியவருக்கு உபரி போக வேண்டும் என்பதே அதன் பொருள். 1844இல் ரோச்டேல் முன்னோடிகள் வாங்கிய அளவுக்கு ஏற்ப உபரியைப் பிரித்ததும் இதே எண்ணத்தில்தான்.

மீதி 1,70,000. இதைக் கொள்முதல் கழிவாக, அதாவது ரிபேட்டாக, வாங்கியதற்கு 2 சதவீதம் என்று பிரித்தால் 85,00,000க்குச் சரியாக 1,70,000. கையில் எதுவும் மிஞ்சவில்லை. நிஜத்தில் இவ்வளவு அழகாக முடியாது. மிஞ்சும் சில்லறையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வதாகத் தீர்மானத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

குறிப்பின் அடியில் நான் எப்போதும் ஒரு வரி சேர்ப்பேன்: "5,000 பங்கு வைத்து, ஆண்டில் 20,000க்கு வாங்கிய உறுப்பினருக்குப் பங்கு ஈவு 300, கழிவு 400, மொத்தம் 700." சதவீதம் புரியாதவருக்கும் இது புரியும். கூட்டத்தில் வரும் கேள்விகளில் பாதியை இந்த ஒரு வரி தின்றுவிடும்.

வரைவுத் தீர்மானம் இப்படி இருக்கலாம்: "தணிக்கை செய்யப்பட்ட நிகர உபரி 5,00,000இல் காப்பு நிதிக்கு 1,25,000, உறுப்பினர் கல்வி நிதிக்கு 25,000, செலுத்தப்பட்ட பங்குத்தொகைக்கு 6 சதவீத ஈவாக 1,80,000, உறுப்பினர் கொள்முதலுக்கு 2 சதவீதக் கழிவாக 1,70,000 ஒதுக்கவும், மீதி ஏதும் இருப்பின் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் இப்பேரவை தீர்மானிக்கிறது." சதவீதமும் தொகையும் இரண்டும் இருக்கட்டும். ஒன்று மட்டும் இருந்தால் பிறகு வாதம் வரும்.

ஆண்டு நடுவில் பங்கு வாங்கியவருக்கும் முழு ஈவா?

துணைவிதியைப் பாருங்கள். பல சங்கங்களில் பங்கு வைத்திருந்த மாதங்களுக்கு மட்டும்தான். மேலே சொன்ன 30,00,000இல் 6,00,000 கடைசி மூன்று மாதங்களின் தொடக்கத்தில் வந்தது என்று வையுங்கள். அப்போது ஈவு கணக்கிட வேண்டிய தொகை 24,00,000, கூட்டல் 6,00,000இல் கால் பங்கான 1,50,000, ஆக 25,50,000. அதற்கு 6 சதவீதம் 1,53,000தான். குறிப்பில் 1,80,000 என்று போட்டிருந்தால் 27,000 யாருக்கும் சேராமல் தொங்கும். ஐந்தொகையில் உள்ள பங்குத்தொகையை அப்படியே எடுத்துப் பெருக்குவதால் வரும் தவறு இது. பங்குப் பேரேட்டிலிருந்து மாதவாரியாக எடுத்தால் வராது.

தாள்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

என் கைப்படவே ஒரு முறை நடந்தது. தணிக்கை முடிவதற்கு முன்பே ஆண்டறிக்கையை அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். நாள் நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை என்று நினைத்தேன். எண்களை மேலே சொன்ன சங்கத்துக்கு மாற்றிச் சொல்கிறேன். எங்கள் கணக்குப்படி உபரி 6,20,000. அதில் 25 சதவீதம் 1,55,000, 5 சதவீதம் 31,000 போக மீதி 4,34,000. ஈவு 7 சதவீதம், 2,10,000. கழிவு இரண்டரை சதவீதம், 2,12,500. இன்னும் 11,500 மிச்சம். ஆண்டறிக்கையில் தலைவர் உரையிலேயே "7 சதவீத ஈவு" என்று பெருமையாகப் போட்டாயிற்று.

அப்புறம் தணிக்கையாளர் வந்தார். உறுப்பினர் சிலரிடம் நின்றுபோன பாக்கியை வசூலாகும் என்று நாங்கள் எழுதியிருந்தோம். அவர் அதற்கு 1,10,000 ஒதுக்கச் சொன்னார். வசூலாகாத வட்டியை வருமானமாகக் காட்டியிருந்ததில் 10,000 எடுத்துவிட்டார். உபரி 5,00,000 ஆனது. கட்டாய ஒதுக்கீடு போக மீதி 3,50,000. ஆனால் அச்சிட்ட ஈவுக்கும் கழிவுக்கும் 4,22,500 வேண்டும். 72,500 துண்டு விழுந்தது.

உபரிக் குறிப்பைத் திருத்தினோம். ஆண்டறிக்கையைத் திருத்தவில்லை. கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இரண்டு தாள்களையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, "எது நிஜம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தலைவருக்கு இருபது நிமிடம் ஆனது. அன்று பேசவேண்டிய கட்டடக் கடனைப் பற்றி யாருமே பேசவில்லை.

இதைத் தவிர்க்க வழி எளிது. நிகர உபரி, செலுத்தப்பட்ட பங்குத்தொகை, உறுப்பினர் எண்ணிக்கை, காப்பு நிதி, வரவேண்டிய பாக்கி என்ற ஐந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவை வரும் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் தேடிப் பென்சிலால் வட்டமிடுங்கள். லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை, ஆண்டறிக்கை, உபரிக் குறிப்பு, வரைவுத் தீர்மானம், வரவு செலவுத் திட்டம். ஒரே எண் இரண்டு விதமாக இருந்தால் அச்சகத்துக்குப் போகாதீர்கள். தாள்களைத் தயாரித்தவர் இதைச் செய்யக் கூடாது, வேறொருவர் செய்ய வேண்டும். எழுதியவர் கண்ணுக்கு அவர் எழுதியது சரியாகத்தான் தெரியும்.

14 நாள் முன்னறிவிப்பு என்று துணைவிதி சொல்கிறது. 28ஆம் தேதி கூட்டம். 14ஆம் தேதி அனுப்பினால் சரிதானே?

துணைவிதியில் "முழு நாள்கள்" என்றோ அதே பொருளில் வேறு சொல்லோ இருந்தால் சரியில்லை. அப்போது அறிவிப்புத் தரும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. 14ஆம் தேதி கொடுத்தால் 15 முதல் 27 வரை 13 நாள்தான். 13ஆம் தேதி கொடுத்தால் 14 முதல் 27 வரை சரியாக 14.

தபாலில் அனுப்பினால் இன்னொரு சிக்கல். அனுப்பி இத்தனை நாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று சில துணைவிதிகள் சொல்லும். இரண்டு நாள் என்று வைத்தால் 11ஆம் தேதியே தபாலில் சேர்க்க வேண்டும். நான் இன்னும் இரண்டு நாள் கூட்டி 9ஆம் தேதிக்கு முடித்துவிடுவேன். அறிவிப்பு செல்லாது என்று பின்னால் யாராவது வழக்குப் போட்டால், முழுக் கூட்டமுமே ஆட்டம் காணும். அனுப்பிய சான்றைப் பத்திரமாக வையுங்கள்: தபால் பட்டியல், கையெழுத்துப் பதிவேடு, மின்னஞ்சல் என்றால் அனுப்பிய பட்டியலின் நகல்.

துணைவிதியைத் திருத்த "துணைவிதி 22 திருத்தம்" என்று அஜெண்டாவில் போட்டால் போதுமா?

போதாது. திருத்தத்தின் முழு வாசகமும் அறிவிப்போடு போக வேண்டும். மூன்று பத்திகள் கொண்ட அட்டவணைதான் நல்லது: இப்போதுள்ள வாசகம், முன்மொழியும் வாசகம், காரணம். சுருக்கம் எழுதி, "விவரம் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போடாதீர்கள். "நிர்வாகத்தை எளிமைப்படுத்த" என்று காரணம் எழுதப்பட்டிருக்கும், வாசகத்தைப் படித்தால் குழுவின் பதவிக்காலம் நீண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் உறுப்பினர் மற்றத் திருத்தங்களையும் சந்தேகமாகவே பார்ப்பார்.

எத்தனை பேரின் ஓட்டு வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் எதில் மூன்றில் இரண்டு? மொத்த உறுப்பினர்களிலா, வந்தவர்களிலா, ஓட்டுப் போட்டவர்களிலா? 120 பேர் வந்து 90 பேர் ஓட்டுப் போட்டால், முதல் கணக்கில் தோற்பது மூன்றாவது கணக்கில் வெல்லலாம். நிறைவேறிய திருத்தம் பதிவாளரிடம் பதிவான பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று சட்டம் சொல்லும் இடங்களில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மறுநாளே வந்து புதிய விதிப்படி கேட்பவர்கள் உண்டு.

"தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்ற கடைசி வரியில் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாமா?

பேசலாம். பணம் செலவாகும், யாருடைய உரிமையாவது மாறும் எதையும் அதன் கீழ் முடிவு செய்யக் கூடாது. வராத உறுப்பினர் நிரலை நம்பித்தான் வராமல் இருந்தார். வாகனம் வாங்குவது அன்று அங்கே முடிவானால், அது அவருக்குச் செய்யும் மோசடி.

உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவர விரும்பினால் எந்தத் தேதிக்குள் எழுதித் தர வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பு ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதி பேரவை அறிவிப்பு அச்சாகும் நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இதைச் செய்யாத சங்கங்களில்தான் "இதர பொருள்கள்" ஒரு மணி நேரம் ஓடுகிறது.

கோரம் சேரவில்லை என்றால் இந்தத் தாள்கள் எல்லாம் வீணா?

இல்லை. கூட்டத்தை ஒத்திவைத்து மறுபடி கூட்டும்போது அதே தாள்கள்தான். ஒத்திவைத்த கூட்டம் முதல் கூட்டத்தின் தொடர்ச்சி, எனவே முதல் நிரலில் உள்ளதை மட்டுமே எடுக்கலாம், புதிதாக எதையும் நுழைக்க முடியாது. ஒத்திவைத்தால் எங்கே, எப்போது கூடும் என்பதைத் துணைவிதி அனுமதித்தால் முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். உறுப்பினர்கள் கேட்டுக் கூட்டிய சிறப்புக் கூட்டமாக இருந்தால், பல துணைவிதிகளில் கோரம் இல்லாதபோது அது கலைந்தே போகும். அதற்கும் இதற்கும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவையும் யார் படிப்பார்கள்? சுருக்கமாக ஒரே தாள் கொடுத்தால் என்ன?

கொடுங்கள், ஆனால் முழுத் தாள்களுக்குப் பதிலாக அல்ல, அவற்றோடு சேர்த்து. முதல் பக்கத்தில் நிரல். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் இணைப்பு எண், பக்க எண், அன்று முடிவு வேண்டுமா தகவல் மட்டுமா என்பது. படிக்க நேரமில்லாதவர் "முடிவு" என்று போட்ட நான்கைந்து பக்கங்களை மட்டும் புரட்டுவார். பெரும்பாலும் அது போதும்.

கூட்டம் முடிந்ததும் எந்தப் பிரதியைக் கோப்பில் வைப்பது?

அனுப்பிய பிரதியை. கூட்டத்தில் திருத்தியதை அல்ல. உறுப்பினர் கைக்கு என்ன போனதோ அந்தத் தாள்கள் அப்படியே, எழுத்துப் பிழையோடுகூட, கோப்பில் இருக்க வேண்டும். அங்கே வாசகம் மாறியிருந்தால், எந்த வரி எப்படி மாறியது, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் வரும். மேடையில் தலைவர் பேனாவால் அடித்துத் திருத்திய தாள் கிடைத்தால் அதையும் பின்னால் சேர்த்துத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்யும்போது யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று எழுந்தால், எடுத்துக் காட்ட அது வேண்டியிருக்கும்.